சட்டத்திருத்தத்தை ஒரு பக்கச் சுற்றறிக்கையாக எழுதுவது: கால்பந்துக் கிளப் பொறுப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்திலும் கால்பந்துப் போட்டி நடத்துவோருக்கு விதித்திருத்தங்களைத் தமிழில் சுருக்கிக் கொடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அதே வேலையில் இறங்குகிறவர்கள் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைக் கேட்பதால், அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் 2025-26 பருவத்துக்கான திருத்தத்திலிருந்தே வருகின்றன. விதிகளை எழுதும் சர்வதேச கால்பந்துச் சங்க வாரியம் (ஐஃபாப்) 2025 மார்ச் 1 அன்று பெல்ஃபாஸ்டில் கூடி ஒப்புதல் அளித்த திருத்தம் அது. ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அங்கிருந்து அகில இந்திய கால்பந்து சம்மேளனம், மாநிலச் சங்கம், மாவட்டச் சங்கம் என்று படிப்படியாக இறங்கித்தான் நம் கிளப்புகளுக்கு எதுவும் வந்து சேருகிறது.

சட்டப் புத்தகம் முழுசையும் படிக்கணுமா, மாறினதை மட்டும் படிச்சாப் போதுமா?

மாற்றங்களை மட்டும் தொகுத்த பகுதியிலிருந்து தொடங்கலாம். பழைய வாசகம், புதிய வாசகம், மாற்றியதற்கான விளக்கம் என்று மூன்றும் அங்கே அடுத்தடுத்து இருக்கும். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிவிடக் கூடாது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழு விதியைத் திறந்து, மாறிய பத்திக்கு முன்னும் பின்னும் உள்ளவற்றையும் படித்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும்.

காரணம், ஒரே மாற்றம் இரண்டு விதிகளில் பிரிந்து கிடப்பதுண்டு. கோல்கீப்பர் எட்டு விநாடிக்கு மேல் பந்தைக் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 12ஆம் விதியில் இருக்கிறது. அந்தக் கார்னரை எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பது என்பதற்கு 17ஆம் விதிக்குப் போக வேண்டும். தண்டிக்கப்பட்ட நேரத்தில் கோல்கீப்பர் எந்தப் பக்கத்துக்கு அருகில் நின்றாரோ அந்தப் பக்கம் என்கிறது அது. பன்னிரண்டை மட்டும் படித்தவர் "கார்னர் வழங்கப்படும்" என்று எழுதி முடித்துவிடுவார். மைதானத்தில் இரண்டு அணிகளும் ஆளுக்கொரு மூலையைக் காட்டும்போது நடுவர்தான் மாட்டிக்கொள்வார்.

முதல்ல எதை எழுதறது? நான் எப்பவும் விதி எண் வரிசையிலேயே எழுதிட்டு வர்றேன்.

விதி எண் வரிசை புத்தகத்துக்குப் பொருந்தும். சுற்றறிக்கையைப் படிப்பவர் தனக்கு என்ன மாறியது என்று தேடுகிறவர். கிளப் அறைச் சுவரில் ஒட்டியதையோ கைப்பேசியில் வந்த படத்தையோ அரை நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுவார். ஆகவே, மைதானத்தில் எது அடிக்கடி நடக்குமோ அதை முதலில் வைக்க வேண்டும். கோல்கீப்பர் பந்தைக் கையில் எடுப்பது ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை நடக்கும் என்பதால், விதி எண் பன்னிரண்டாக இருந்தாலும் அதற்கே முதலிடம்.

நான் செய்யும் முறை எளியது. ஒரு வெள்ளைத் தாளை நான்கு பத்தியாக மடித்து, யார், இதுவரை என்ன, இனி என்ன, மீறினால் என்ன என்று தலைப்பிட்டு, மாற்றங்களை ஒவ்வொன்றாக நிரப்புவேன். முதல் பத்தியில் நம் ஊர் ஆள் ஒருவரும் வராத மாற்றம் சுற்றறிக்கைக்குள் வரத் தேவையில்லை. எதை வைப்பது, எதை விடுவது என்ற வாக்குவாதத்தில் பாதி இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

வீடியோ ரெஃப்ரீ பத்தின மாற்றத்தை விட்டுட்டா, மறைச்சுட்டீங்கன்னு யாராவது சொல்ல மாட்டாங்களா?

சொல்வார்கள். அதற்கு ஒரு வரி போதும்: "வீடியோ நடுவர் தொடர்பான மாற்றங்கள் நம் போட்டிகளுக்குப் பொருந்தாததால் இங்கே சேர்க்கப்படவில்லை." விட்டதை விட்டதாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை இல்லை.

கட்டாயம் எது, விருப்பம் எதுன்னு எனக்குப் பிரிக்கத் தெரியலை. எல்லாமே புதிய விதிதானே?

இல்லை, சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். ஒரே ஆவணத்துக்குள் மூன்று வகைச் சரக்கு கலந்திருக்கும். எட்டு விநாடி விதி போல எல்லாப் போட்டிக்கும் பொருந்தும் சட்டம் ஒன்று. போட்டி நடத்துவோர் விரும்பினால் ஏற்கலாம் என்று விடப்பட்ட நெறிமுறை இன்னொன்று. ஏற்கெனவே உள்ள சட்டத்தை எப்படிப் புரிந்துகொள்வது என்னும் விளக்கம் மூன்றாவது.

நடுவரிடம் கேப்டன் மட்டுமே போய்ப் பேசலாம் என்ற ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கியமான தீர்ப்புகளின்போது நடுவரை எல்லோரும் சூழ்ந்துகொள்வதைத் தடுப்பதற்காக வந்த நெறிமுறை இது. கோல்கீப்பரே கேப்டனாக இருந்தால் அவருக்குப் பதிலாகப் பேச வெளி ஆட்டக்காரர் ஒருவரை ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஆனால் இதைப் பின்பற்றுவதா வேண்டாமா என்பது போட்டி நடத்துவோரின் முடிவு. "இனி கேப்டன் மட்டுமே பேச வேண்டும்" என்று நீங்கள் எழுதிவிட்டால், குழு எடுக்காத முடிவைக் குழுவின் பெயரால் நீங்கள் எடுத்ததாகிவிடும். முதலில் குழுவிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்திருந்தால் "நம் போட்டியில் ஏற்கப்பட்டுள்ளது" என்ற சொற்களோடு சேருங்கள். வரவில்லை என்றால் அந்த வரியே வேண்டாம்.

எட்டு விநாடி விதியை மூணே வரியில எழுதினேன். கிளப்காரங்க ஆளுக்கொரு மாதிரி புரிஞ்சுக்கிட்டாங்க. எங்க தப்பு?

உங்களுக்கு நடந்தது எனக்கும் நடந்தது. என் முதல் வரைவு இப்படி இருந்தது: "கோல்கீப்பர் பந்தை எட்டு விநாடி வைத்திருக்கலாம். நடுவர் கையை உயர்த்தி ஐந்து விநாடி எண்ணுவார். மீறினால் கார்னர்." மூன்று வரியும் தனித்தனியே பார்த்தால் சரிதான். அனுப்பிய மாலையே ஒரு பயிற்சியாளர் அழைத்து, "எட்டும் அஞ்சும் பதிமூணு விநாடியா சார்?" என்று கேட்டார். இன்னொரு கிளப்பில், கை உயர்ந்ததுமே பந்தை விட்டுவிட வேண்டும் என்று பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து, கோல்கீப்பர் அவசரத்தில் எதிரணியின் காலுக்கே பந்தை எறிந்துகொண்டிருந்தார்.

தவறு, இரண்டு எண்களுக்கும் உள்ள உறவை நான் சொல்லாமல் விட்டதில் இருந்தது. மூல வாசகத்தில் நடுவர் எண்ணிக் காட்டுவது அந்த எட்டில் கடைசி ஐந்து விநாடியை. "கடைசி" என்ற ஒரே சொல்லைச் சுருக்கும்போது நான் உதிர்த்துவிட்டேன். இரண்டாவது தவறு, எட்டு எப்போது தொடங்குகிறது என்று எழுதாதது. பந்து கோல்கீப்பரின் கட்டுப்பாட்டுக்கு வந்துவிட்டதாக நடுவர் முடிவு செய்யும் நொடியிலிருந்தே கணக்கு. தாவிப் பிடித்து விழுந்து புரண்டுகொண்டிருக்கும்போதே காலரியில் இருப்பவர்கள் எண்ணத் தொடங்குவது கணக்கில் சேராது. பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருப்பதும் மேலே தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் கையில் வைத்திருப்பதாகவே கொள்ளப்படும் என்பதையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் நம் கோல்கீப்பர்கள் நேரம் கடத்துவதே அப்படித்தான்.

திருத்திய வடிவம்: "பந்து கட்டுப்பாட்டுக்கு வந்த நேரத்திலிருந்து எட்டு விநாடிக்குள் கோல்கீப்பர் அதைக் கையிலிருந்து விட வேண்டும். (முன்பு ஆறு விநாடி.) முதல் மூன்று விநாடி போனதும் நடுவர் கையை உயர்த்தி, மீதி ஐந்து விநாடியை விரல்களால் எண்ணிக் காட்டுவார். எட்டைத் தாண்டினால் எதிரணிக்குக் கார்னர். (முன்பு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்.)" மூலத்தில் "முதல் மூன்று" என்ற சொல் இல்லை, எட்டிலிருந்து ஐந்தைக் கழித்து நான் சேர்த்தது. பொருளை மாற்றாமல் குழப்பத்தை மட்டும் நீக்கும் சொல்லைச் சேர்க்கலாம் என்பது என் கட்சி. வரிகள் கூடின, ஆனால் அதன் பிறகு யாரும் பதிமூன்று என்று கேட்கவில்லை.

இங்கிலீஷ் சொல்லை அப்படியே தமிழ் எழுத்துல போடலாமா, நல்ல தமிழ்ச் சொல் தேடணுமா?

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நின்று கேட்டால் என்ன சொல் காதில் விழுகிறதோ அதையே எழுதுங்கள். கார்னர், பெனால்டி, டிராப் பால் என்று எழுதினால் பத்து வயதுப் பையனுக்கும் புரியும். "மூலை உதை" என்றால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். சட்டம், நடுவர், தண்டனை, மாற்று ஆட்டக்காரர் போன்றவற்றுக்குத் தமிழே புழக்கத்தில் இருக்கிறது. எதை எடுத்தாலும் பக்கம் முழுக்க ஒரே சொல்லாக இருக்கட்டும். மேலே கோல்கீப்பர், கீழே கோலி, நடுவில் கோல் காவலர் என்றால் மூன்று பேர் என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

சொல்லைவிட ஆபத்தானது வினைமுற்று. "வேண்டும்" என்று முடித்தால் கட்டாயம், "-லாம்" என்று முடித்தால் அனுமதி. மூலத்தில் கட்டாயமாக இருப்பதை மரியாதைக்காக "விடலாம்" என்று மென்மையாக்கி எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் அந்த மரியாதை செல்லாது. அதேபோல "ஃப்ரீ கிக்" என்று வெறுமனே விடாமல் டைரக்டா, இன்டைரக்டா என்று ஒவ்வோர் இடத்திலும் எழுத வேண்டும். அடுத்த பதிலில் உள்ள விதியே அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது.

கோச் பந்தைத் தொட்டா இனி கார்டு கிடையாதாமே? அப்படியே ஒரு வரியில போட்டுரலாமா?

போடக் கூடாது. திருத்தம் சொல்வது இது: பந்து ஆடுகளத்தை விட்டு வெளியேறிக்கொண்டிருக்கும்போது, ஆட்டத்தை நியாயமின்றிக் குலைக்கும் நோக்கம் இல்லாமல், அணி அதிகாரியோ, மாற்று ஆட்டக்காரரோ, மாற்றப்பட்டு வெளியே வந்தவரோ, வெளியேற்றப்பட்டவரோ, தற்காலிகமாக வெளியே நிற்பவரோ அதைத் தொட்டுவிட்டால், எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக்; கார்டு இல்லை. நம் மைதானங்களில் கோட்டை ஒட்டியே எல்லோரும் நிற்பதால், வெளியே வரும் பந்தை அவசரமாகத் தடுத்து எடுத்துக் கொடுக்கப் போய், கோட்டை முழுதாகத் தாண்டும் முன்பே தொட்டுவிடுவது வழக்கம். அந்த அப்பாவித் தவறுக்குப் பெரிய தண்டனை வேண்டாம் என்பதே நோக்கம்.

இதில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: பந்து வெளியேறிக்கொண்டிருக்க வேண்டும், கெட்ட நோக்கம் இருக்கக் கூடாது. ஒன்றைக் கழித்தாலும் விதி தலைகீழாகிவிடும். எதிரணியின் தாக்குதலை நிறுத்த வேண்டுமென்றே காலை நீட்டும் பயிற்சியாளர், உங்கள் ஒரு வரியைக் காட்டி "கார்டு கிடையாது" என்று வாதாடுவார். அவருக்கோ பழைய தண்டனை அப்படியே இருக்கிறது. சுருக்கும்போது உதாரணத்தை விடலாம், காரணத்தை விடலாம், சொல்லடுக்கை விடலாம். "ஆனால்", "என்றால்", "-போது" என்று வரும் நிபந்தனையை மட்டும் கடைசி வரை கையில் வைத்திருங்கள்.

எதுக்காக மாத்தினாங்கன்னு காரணமும் எழுதணுமா?

பொதுவாக வேண்டாம். ஆனால் பழக்கத்துக்கு நேர் எதிராக மாறியிருந்தால் அரை வரி சேர்ப்பது நல்லது, இல்லாவிட்டால் நடுவர் தவறு செய்ததாகவே நினைப்பார்கள். பெனால்டி பாக்ஸுக்கு வெளியே டிராப் பால் இதுவரை கடைசியாகத் தொட்ட அணிக்கே போனது. இனி, ஆட்டம் நின்றிராவிட்டால் எந்த அணிக்குப் பந்து கிடைத்திருக்கும் என்று நடுவருக்குத் தெளிவாகத் தெரிகிறதோ அந்த அணிக்கு. தெளிவில்லை என்றால் பழையபடி கடைசியாகத் தொட்ட அணிக்கு. "கிடைக்க வேண்டியவருக்கே கிடைப்பதற்காக" என்று மூன்று சொல் சேர்த்தால் போதும்.

எப்பயிருந்து அமல்? எங்க லீக் ஜூன்லயே ஆரம்பிச்சிருச்சே.

ஜூலை 1 என்பது பொதுத் தேதி. அதற்கு முன்பே தொடங்கிய போட்டிகள் புதிய விதிகளை முன்கூட்டியே ஏற்கவும் செய்யலாம், தங்கள் அடுத்த போட்டியின் தொடக்கம் வரை தள்ளிப்போடவும் செய்யலாம். எனவே சுற்றறிக்கையில் "ஜூலை 1 முதல்" என்று மட்டும் எழுதுவது முழுமையான பதில் ஆகாது. குழுவின் முடிவைக் கேட்டு, "நம் லீக்கில் இந்தத் தேதி ஆட்டங்களிலிருந்து" என்று எழுத வேண்டும். அந்தத் தேதியைத் தலைப்புக்கு அடுத்த வரியிலேயே தடித்த எழுத்தில் வையுங்கள். அடியில் வைத்தால் வாட்ஸ்அப்பில் படம் வெட்டுப்படும்போது முதலில் போவது அதுதான்.

சுற்றறிக்கை அனுப்பி முடிச்சாச்சு. அப்புறம் இன்னொரு விளக்கம் வந்தா பழசைத் திருத்தி மறுபடி அனுப்பலாமா?

திருத்தி அதே எண்ணில் அனுப்பாதீர்கள். இரண்டு பதிப்பும் குழுக்களில் சுற்றி, எது புதியது என்று யாருக்கும் தெரியாமல் போகும். புதிய எண்ணும் தேதியும் இட்டு, தனியாக ஒரு சிறு தாள் அனுப்புங்கள். முதல் வரியில் "முந்தைய சுற்றறிக்கை தொடர்ந்து செல்லும், இது கூடுதல்" என்றோ, "அதன் மூன்றாம் பத்திக்குப் பதிலாக இது" என்றோ சொல்லிவிடுங்கள்.

2025இல் இப்படித்தான் ஆனது. மார்ச்சில் சாம்பியன்ஸ் லீக் ஆட்டமொன்றில் அட்லெட்டிகோ மாட்ரிட் அணியின் ஹூலியான் ஆல்வாரெஸ் பெனால்டி அடிக்கும்போது வழுக்கி, பந்து இரு கால்களிலும் பட்டதால் கோல் மறுக்கப்பட்டது. அதன் பிறகு ஜூனில் விளக்கம் வந்தது: அடிப்பவர் தற்செயலாக இரு கால்களாலும் தொட்டு, பந்து கோலுக்குள் போனால் பெனால்டி மீண்டும் அடிக்கப்படும். கோல் ஆகவில்லை என்றால், ஆட்ட நேரத்தில் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக். நடுவர் அட்வான்டேஜ் கொடுத்தால் ஆட்டம் தொடரும். பெனால்டி ஷூட் அவுட்டில் அது தவறவிட்டதாகவே எழுதப்படும். ஆட்ட நேரம், ஷூட் அவுட் என்ற இரண்டையும் ஒரே வாக்கியத்தில் திணிக்க முயலாமல் இரண்டு வாக்கியமாக எழுதினால் நன்றாக இருக்கும்.

ஊர்ப் பொங்கல் போட்டிக்கும் ஏழு பேர் ஆட்டத்துக்கும் இதே செல்லுமா?

இந்தப் புத்தகம் பதினொரு பேர் ஆட்டத்துக்கானது. ஏழு பேர் போட்டியை நடத்தும் இளைஞர் மன்றங்கள் தங்களுக்கென்று விதி வைத்துக்கொள்கின்றன. அவர்கள் விரும்பினால் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். "இது எந்தப் போட்டிகளுக்கு" என்ற ஒரு வரி உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

முழுசா ஒரு மாதிரி காட்டினா நாங்களே பார்த்து எழுதிக்குவோம்.

எண், தேதி, கையொப்பம் நீங்கலாக உள்ளடக்கம் இவ்வளவுதான்:

"பெறுநர்: பதினொரு பேர் லீக்கில் பதிவு செய்த கிளப்புகளின் செயலர்கள், பயிற்சியாளர்கள். நடைமுறைக்கு வரும் நாள்: (குழு முடிவு செய்த தேதி).

கோல்கீப்பர்: பந்து கட்டுப்பாட்டுக்கு வந்ததிலிருந்து எட்டு விநாடிக்குள் கையிலிருந்து விட வேண்டும். தரையில் தட்டுவதும் தூக்கிப் போட்டுப் பிடிப்பதும் கையில் இருப்பதாகவே கொள்ளப்படும். முதல் மூன்று விநாடி போனதும் நடுவர் மீதி ஐந்தைக் கை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். தாண்டினால், கோல்கீப்பர் நிற்கும் இடத்துக்கு அருகான பக்கத்தில் எதிரணிக்குக் கார்னர். (விதி 12, 17)

பயிற்சியாளர், மாற்று ஆட்டக்காரர்: வெளியேறிக்கொண்டிருக்கும் பந்தை, ஆட்டத்தைக் குலைக்கும் நோக்கமின்றித் தொட்டுவிட்டால் எதிரணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக், கார்டு இல்லை. நோக்கத்தோடு தொட்டால் முன்பிருந்த தண்டனையே. (விதி 9)

டிராப் பால், பெனால்டி பாக்ஸுக்கு வெளியே: பந்து கிடைத்திருக்கக்கூடிய அணி எது என்று நடுவருக்குத் தெளிவாகத் தெரிந்தால் அந்த அணிக்கு, இல்லையேல் கடைசியாகத் தொட்ட அணிக்கு. ஆட்டம் நின்றபோது பந்து இருந்த இடத்திலேயே போடப்படும். (விதி 8)

வீடியோ நடுவர் தொடர்பான மாற்றங்கள் பொருந்தாததால் சேர்க்கப்படவில்லை. இது சுருக்கம், ஐயம் எழுந்தால் சட்டப் புத்தகமே முடிவானது."

ஏ4 தாளில், கண்ணாடி போட்டவர்களும் படிக்கும் அளவு எழுத்தில், இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அதை நிரப்ப வேண்டாம்.

கடைசி வரியில "புத்தகமே முடிவானது"ன்னு போட்டா, சுருக்கத்தை நம்பி ஆடினவனுக்கு என்ன வழி?

நியாயமான கேள்விதான். நம் சுருக்கம் தவறாக இருந்து ஓர் அணி பாதிக்கப்பட்டாலும், நடுவர் புத்தகத்தின்படியே தீர்ப்பளிக்க வேண்டும். சுற்றறிக்கை சட்டத்தை மாற்றாது. அதனால்தான் ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் விதி எண்ணை அடைப்புக்குறியில் கொடுக்கிறோம். சந்தேகப்படுகிறவர் நேரே அந்தப் பக்கத்துக்குப் போய்ப் பார்க்க முடியும். தவறு நம்முடையது என்றால் அன்றே பிழைதிருத்தம் அனுப்ப வேண்டும்.

அனுப்பறதுக்கு முன்னாடி யார்கிட்ட காட்டிச் சரிபார்க்கறது?

இரண்டு பேரிடம். ஒருவர், பதிவு பெற்ற நடுவர். அவர் ஆங்கில மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு நிபந்தனையும் இருக்கிறதா என்று பார்ப்பார். மற்றவர், மூலத்தைப் பார்த்தே இராத ஆட்டக்காரர். அவரிடம் "புரியுதா?" என்று கேட்கக் கூடாது, எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். நிலைமையைச் சொல்லித் தீர்ப்பைக் கேட்க வேண்டும்.

போன முறை சோழவந்தான் பக்கத்துக் கோல்கீப்பர் ஒருவரிடம் தாளைக் கொடுத்து, "நீ பந்தோட நிக்கிற, எதிரணிக்காரன் முன்னாடி வந்து உன்னை விடாம மறிக்கிறான், எட்டு விநாடி ஆயிருச்சு, என்ன?" என்று கேட்டேன். "கார்னர்தான் சார், அப்படித்தான போட்டிருக்கு" என்றார். கோல்கீப்பர் பந்தை விடாமல் தடுப்பது எதிரணியின் குற்றம். கோல்கீப்பரின் அணிக்கு இன்டைரக்ட் ஃப்ரீ கிக் கிடைக்கும். அந்த விதி பழையது, மாறவே இல்லை. அதனாலேயே தாளில் இடம்பெறவில்லை. மாறாததை எழுதுவதில்லை என்ற என் வழக்கத்தை அன்று தளர்த்தி, கோல்கீப்பர் பத்தியின் முடிவில் "எதிரணியினர் மறித்தால் பழைய விதியே: இன்டைரக்ட் ஃப்ரீ கிக் உங்களுக்கு" என்று ஒரு வரி சேர்த்த பிறகே ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.